ஏழாம் வாய்ப்பாடு எளிதாக…

● முதலில் 7, 14, 21, 28, 35 வரை மட்டும் தாவி எண்ணப் பழக்குங்கள். ஒவ்வொரு எண்ணைச் சொல்லும்போதும் ஏழு புளியங்கொட்டைகளைக் குழந்தை ஒரு வரிசையாக அடுக்கட்டும்.

● ஐந்து வரிசை ஆனதும் கீழே ஒரு குச்சியை வைத்து, ஆறாவது வரிசையை அடுக்கச் சொல்லுங்கள். குச்சிக்கு மேலே 35, கீழே 7; ஆக 6 × 7 = 42. எட்டு வரிசை என்றால் கீழே மூன்று: 35 + 21 = 56.

● ஆறு வரிசை அடுக்கைப் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தால், ஏழு வரிசையில் ஆறாறு கொட்டைகள். எண்ணிக்கை மாறாது என்பதைக் குழந்தையே எண்ணிப் பார்க்கட்டும்.

● "ஆறேழு எவ்வளவு?" என்றதும் ஏழிலிருந்து முணுமுணுத்து வந்தால், ஓசை மட்டுமே பதிந்திருக்கிறது. 35-லிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.