அரைத்த தேதியையும் எழுதுங்கள்

வீட்டிலிருந்தே மசாலா விற்பவர்களின் வாட்ஸ்அப் பட்டியலில் இப்படி ஒரு வரியை அடிக்கடி பார்க்கலாம்: “வீட்டு முறையில் அரைத்த சுத்தமான மிளகாய்த் தூள், 250 கிராம்.” அதைப் படித்தவர் உடனே கேட்பது, “அக்கா, இது எப்ப அரைச்சது?” அவருக்குத் தெரிய வேண்டிய ஒரே விஷயம் அந்த வரியில் இல்லை. ‘சுத்தமான’ என்ற சொல்லை எல்லாரும் போடுகிறார்கள், அதை வைத்து யாரும் எதையும் தீர்மானிப்பதில்லை. தேதியும் ஊரும் அரைவைப் பதமும் இருந்தால் தீர்மானிக்கலாம்.

பாக்கெட்டின் மேல் பேக்கிங் மாதம் இருக்கத்தான் போகிறது, பட்டியலில் வேறு எதற்கு என்று தோன்றலாம். இணையத்தில் விற்கும்போது நிகர எடை, விலை போன்றவற்றைத் திரையில் காட்டச் சொல்லும் 2011ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகள், பேக் செய்த மாதத்தையும் ஆண்டையும் மட்டும் திரையில் காட்ட வேண்டியதில்லை என்று விலக்கு தருகின்றன. அதனால் பொருள் கைக்கு வந்த பிறகுதான் வாங்குபவருக்குத் தேதியே தெரிகிறது. நீங்களாக முன்கூட்டியே எழுதினால், கடை அலமாரியில் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கும் வசதி அவருக்குக் கிடைத்துவிடுகிறது.

ஆனால் பேக்கிங் தேதி மட்டும் போதாது. மூட்டைத் தூளாக வாங்கி, இன்று நூறு நூறு கிராமாகப் பிரித்துப் போட்டாலும் பேக்கிங் தேதி இன்றுதான். அந்தத் தூளை ஐந்து மாதம் முன்பு அரைத்திருக்கலாம். மசாலாவுக்கு மூன்று தேதிகள் உண்டு: அறுவடை, அரைவை, பேக்கிங். தூளைப் பொறுத்தவரை நடுவில் இருப்பதுதான் முக்கியம். முழு மிளகுக்கும் மல்லிக்கும் மேல்தோல் ஒரு மூடி, உள்ளே இருக்கும் வாசனை எண்ணெய் எளிதில் பறக்காது. அரைத்த நிமிடத்திலிருந்து அது காற்றோடு போக ஆரம்பிக்கிறது, நைஸாக அரைக்க அரைக்க இன்னும் வேகமாக.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. பழைய மிளகுத் தூளை நாக்கில் வைத்தால் காரம் அப்படியே இருக்கும். காரம் தரும் பைப்பரின் சீக்கிரம் ஆவியாகாது, மணம்தான் போயிருக்கும். மிளகாய்த் தூளிலும் காரம் நெடுநாள் நிற்கும். வெளிச்சமும் காற்றும் பட்டு முதலில் வெளுப்பது நிறம். ஆகவே “காரம் குறையவே இல்லை” என்பது புதுத்தூளுக்குச் சாட்சி ஆகாது. கண்ணாடிபோல் தெரியும் கவரில் போட்டு ஜன்னலோரம் அடுக்கி வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு குறிப்பை முழுதாக எழுதிப் பார்ப்போம். ராமநாதபுரம் முண்டு வத்தலை எடுத்துக்கொள்வோம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற குண்டு மிளகாய்.

“குண்டு மிளகாய்த் தூள். ராமநாதபுரம் மாவட்டம் முதுகுளத்தூர்ப் பக்கம் விளைந்த வத்தல், இந்த ஆண்டு மார்ச் அறுவடை. காம்பு கிள்ளி, வெயிலில் காயவைத்து, ஜூலை 8 அன்று மில்லில் அரைத்துச் சலித்தது. நைஸ் அரைவை. வறுக்கவில்லை, எண்ணெய் சேர்க்கவில்லை. பேக்கிங் ஜூலை 9. 100 கிராம் ரூ.65 (கிராம் 65 காசு), 250 கிராம் ரூ.150 (கிராம் 60 காசு).”

அரைவைக்கும் பேக்கிங்குக்கும் இடையே ஒரு நாள் இருப்பதற்குக் காரணம் உண்டு. மில்லிலிருந்து வரும் தூள் கையில் பிடிக்க முடியாத சூட்டில் இருக்கும். அதை அகலத் தட்டில் பரப்பி ஆறவிட வேண்டும். சூட்டோடு கவரில் போட்டு ஒட்டினால் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்து, சில நாளில் தூள் கட்டிதட்டும், பிறகு பூஞ்சை பிடிக்கும். கவரைத் தட்டினால் தூள் தளர்வாக உதிர வேண்டும். மூலையில் உருண்டையாகத் திரண்டு நின்றால் அந்த பேட்ச்சை அனுப்பாதீர்கள்.

எண்ணெய் பற்றிய வரியையும் விட்டுவிடக் கூடாது. நிறம் பளிச்சென்று தெரிய மில்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டு அரைப்பது உண்டு. விட்டிருந்தால் அதைச் சேர்மானத்தில் சொல்லியாக வேண்டும். குழம்புத் தூளில் பருப்பும் அரிசியும் சேர்ந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

ஊர்ப் பெயரில் விளைந்த ஊர் வேறு, வாங்கிய சந்தை வேறு. விருதுநகரில் வாங்கிய வத்தல் ஆந்திராவில் விளைந்ததாக இருக்கலாம். சீரகம் பெரும்பாலும் குஜராத்திலிருந்தும் ராஜஸ்தானிலிருந்தும்தான் வருகிறது. “குஜராத் சீரகம், இங்கே சுத்தம் செய்து பேக் செய்தது” என்று எழுதினால் ஒரு குறையும் இல்லை. விளைந்த ஊர் தெரியாவிட்டால் சந்தையின் பெயரை “வாங்கிய இடம்” என்றே போடுங்கள். புவிசார் குறியீட்டுச் சின்னத்தை மட்டும் நீங்களாக ஒட்டிவிடாதீர்கள், அதற்கு அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்திருக்க வேண்டும்.

அறுவடைப் பருவம் தெரிந்தவர் உங்கள் குறிப்பைச் சரிபார்த்துவிடுவார். ராமநாதபுரத்தில் மிளகாய் வரத்து பிப்ரவரியை ஒட்டித் தொடங்கும். டிசம்பரில் “புது வத்தல்” என்று எழுதினால் அவர் நம்பமாட்டார். “மார்ச் அறுவடை, டிசம்பரில் அரைத்தது” என்று எழுதினால் நம்பி வாங்குவார், ஏனென்றால் நன்றாகக் காயவைத்துப் பத்திரப்படுத்திய வத்தல் அதுவரை தாங்கும் என்பது அவருக்கும் தெரியும்.

முழு மசாலாவுக்கு அரைவைப் பதத்தின் இடத்தில் தரம் வரும். மிளகு என்றால் பொக்கு நீக்கியதா, காம்பும் தூசியும் சலித்ததா என்று எழுதுங்கள். ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் போட்டால் பொக்கு மிளகு மிதக்கும். மஞ்சள் என்றால் விரலியா கிழங்கா என்று சொல்லுங்கள். மிளகுத் தூளுக்கு உடைத்தது, கொரகொரப்பு, நைஸ் என்ற பதங்களோடு பயனையும் ஒரு வார்த்தையில் சேர்க்கலாம்: பொங்கலுக்கு உடைத்தது, சுக்காவுக்குக் கொரகொரப்பு.

பொட்டல அளவுக்கு ஒரு சிறு கணக்கு போதும். நாலு பேர் உள்ள வீட்டில் தினமும் மூன்று தேக்கரண்டி மிளகாய்த் தூள் போனால் ஏறத்தாழ 7 கிராம். 250 கிராம் பாக்கெட் ஏறத்தாழ ஐந்து வாரத்தில் தீர்ந்துவிடும். அதே வீட்டில் மிளகுத் தூள் நாளைக்கு அரைத் தேக்கரண்டி, அதாவது ஒரு கிராம் அளவுதான். அவர்களுக்கு 500 கிராம் மிளகுத் தூளைக் கொடுத்தால் ஒரு வருடத்துக்கு மேல் வரும், மணம் அதற்கு வெகு முன்பே போய்விடும். மிளகுத் தூளை 50 கிராமிலும் முழு மிளகை 250 கிராமிலும் வைப்பது நல்லது. பெரிய அளவு கேட்பவரிடம் முழு மிளகாக வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

எத்தனை மாதம் தாங்கும் என்று நீங்கள் போடும் கணக்கு சரிதானா என்று பார்க்க, ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒரு பாக்கெட்டை விற்காமல் எடுத்து, அரைத்த தேதியை எழுதி அதே அலமாரியில் வையுங்கள். அடுத்த பேட்ச் அரைத்ததும் இரண்டையும் வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் கொட்டி நிறத்தைப் பாருங்கள், வெந்நீரில் கலந்து முகர்ந்து பாருங்கள். வித்தியாசம் தெரிகிற மாதத்துக்கு முன்னாலேயே உங்கள் கெடு முடிய வேண்டும். புது பேட்ச் வந்த அன்றே பட்டியலில் ஊர், அறுவடை, அரைவை, பேக்கிங் நான்கையும் மாற்றுங்கள். பழைய பேட்ச்சில் நாலு பாக்கெட் மீதமிருந்தால் அதைத் தனி வரியில், அதன் தேதியோடு, விலையைக் குறைத்துப் போடுங்கள்.