வழக்கம் மாறினால் கணினி அறிவது எப்படி?

வெளியூரில் அதிகாலையில் அட்டையால் பெரிய தொகை செலுத்திய சில நொடிகளில் ‘இது நீங்கள் செய்ததுதானா?’ என்று வங்கி வினவுவதுண்டு. இத்தகைய ஐயத்தை எழுப்பும் கணிதமுறைகளுள் ஒன்று ஆட்டோஎன்கோடர்.

ஒரு பரிவர்த்தனையின் விவரங்களைச் சில எண்களாகச் சுருக்கி, அவற்றைக் கொண்டே மூல விவரங்களை மீண்டும் உருவாக்க முயலும் நரம்பு வலையமைப்பு இது. இயல்பான பரிவர்த்தனைகளை மட்டுமே காட்டி இதனைப் பழக்குவர். ஆகவே பழகிய வகையை நன்றாக மீட்டெழுதும், பழகாததில் தடுமாறும். இந்தத் தடுமாற்றத்தின் அளவே மீட்டமைப்புப் பிழை எனப்படும்.

எடுத்துக்காட்டாக ஒருவரைக் கொள்வோம். அவர் காலையில் வீட்டருகே சிறு தொகையும், மாலையில் சற்றுத் தொலைவில் பெருந்தொகையும் செலவிடுபவர். தொகை, நேரம், தொலைவு ஆகிய மூன்றும் சேர்ந்தே உயர்வதால், அவற்றை ஒரே எண்ணாகச் சுருக்கிவிடலாம். மூன்றையும் 0 முதல் 1 வரையிலான அளவில் குறிப்போம். காலைச் செலவு ஒன்று 0.20, 0.40, 0.10 எனில், மீட்டெழுதியது 0.22, 0.39, 0.11. வேறுபாடுகளின் வர்க்கங்களைக் கூட்டி மூன்றால் வகுத்தால் பிழை 0.0002. ஒருநாள் அதிகாலையில், வெகுதொலைவில், பெருந்தொகை செலவாகிறது: 0.90, 0.10, 0.80. வலையமைப்பு அறிந்ததோ மாலைச் செலவு மட்டுமே, எனவே 0.60, 0.70, 0.50 என்று எழுதுகிறது. பிழை 0.18, அதாவது முன்னதைப் போல் 900 மடங்கு. அந்தப் பரிவர்த்தனை தனித்து நிற்கிறது.

சுருக்கம் இங்கே இன்றியமையாதது. இடையில் மூன்று எண்களுக்கும் இடமளித்தால், வலையமைப்பு எதையும் அப்படியே நகலெடுத்துவிடும். மோசடியிலும் பிழை தோன்றாது.

எனினும், வழக்கத்துக்கு மாறானவை அனைத்தும் மோசடி அல்ல. ஐரோப்பிய அட்டைதாரர்கள் 2013 செப்டம்பரில் இரண்டு நாட்களில் செய்த 2,84,807 பரிவர்த்தனைகளின் தொகுப்பு ஆய்வாளர்களிடையே நன்கு அறிமுகமானது. அவற்றுள் மோசடிகள் 492 மட்டுமே. பிழையின் எல்லையை, இயல்பானவற்றில் நூற்றுக்கு ஒன்று மட்டும் சிக்கும்படி வைத்ததாகக் கொள்வோம். அப்போது ஏறத்தாழ 2,843 நேர்மையான செலவுகள் ஐயத்துக்குள்ளாகும். மோசடிகள் அனைத்தும் பிடிபட்டாலும், எச்சரிக்கைகளில் ஏறத்தாழ ஏழில் ஒன்றே உண்மையான மோசடி. எல்லையை உயர்த்தினால் வீண் வினாக்கள் குறையும். ஆனால் சில மோசடிகள் தப்பும். வங்கி உடனே குற்றம் சாட்டாமல் முதலில் வினவுவதன் காரணம் இதுவே.

இம்முறைக்கு மற்றொரு வரம்பும் உண்டு. தங்கள் ஊரிலேயே, வழக்கமான நேரத்தில், வழக்கமான தொகைக்குப் பிறர் தங்கள் அட்டையைப் பயன்படுத்தினால் மீட்டமைப்புப் பிழை சிறிதாகவே இருக்கும். கணினிக்கு ஐயம் எழாது. அந்தச் செலவு தங்களுடையதன்று என்பதைக் குறுஞ்செய்தியைப் படிக்கும் தாங்கள் மட்டுமே அறிய இயலும்.