பனையோலைப் பெட்டியும் நறுக்கின் அகலமும்

முன்னுரை

தமிழர் திருமணங்களில் தாம்பூலம் வைத்துக் கொடுக்கப் பனையோலைப் பெட்டிகளைத் தமிழகத்திலிருந்து வரவழைக்கும் வழக்கம் நம் நாட்டிலும் உண்டு. அப்பெட்டிக்கு நாம் தரும் விலையில் அதை முடைந்தவருக்கு மணிக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பதே இக்கட்டுரையின் வினா. தூத்துக்குடி மாவட்டம் உடன்குடிக்கு அருகிலுள்ள சிற்றூரில் என் பெரியம்மா குடும்பத்தார் இத்தொழிலைச் செய்து வருகின்றனர். விடுமுறையில் அவர்களுடன் பதினைந்து நாள்கள் தங்கி, கடிகாரமும் அளவுகோலும் கொண்டு நான் கண்டவற்றை இங்கே தருகிறேன்.

ஓலையைப் பக்குவப்படுத்துதல்

பெட்டிக்கு ஏற்றது விரியாத குருத்தோலை. பச்சை ஏறாத இளமஞ்சள் நிறமும், மடித்தால் முறியாத தன்மையும் அதற்கு உண்டு. முற்றிக் காய்ந்த காவோலை வேலிக்கும் அடுப்புக்குமே பயன்படும். பெரும்பாலும் கைக்கு எட்டும் வடலிகளிலிருந்தே குருத்து வெட்டுகின்றனர். பனையில் புதிய ஓலை மாதத்திற்கு ஒன்று என்ற அளவில்தான் வரும். எனவே ஒரே மரத்தில் தொடர்ந்து குருத்தெடுத்தால் மரம் நலிந்துவிடும். ஒரு மரத்தில் எடுத்தபின் சில மாதங்களுக்கு அதை விட்டுவிடுவது பெரியம்மாவின் வழக்கம்.

வெட்டிய குருத்தை விரித்து இரண்டு மூன்று நாள்கள் நல்ல வெயிலில் காயவைத்து, நடுவிலுள்ள ஈர்க்கை நீக்குகின்றனர். பிறகு சிறு கத்தியால் ஒரே அகலமுள்ள நறுக்குகளாக வார்ந்துகொள்கின்றனர். நிறம் வேண்டுமானால் சாயத்தூள் கலந்த கொதிநீரில் போட்டெடுத்து மீண்டும் உலர்த்த வேண்டும். முடையும்போது மட்டும் நறுக்கை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பதமாக்குகின்றனர். ஈரம் மிகுந்தால் ஓலை உப்பிவிடும். அந்த நிலையில் முடைந்த பெட்டி காய்ந்ததும் நறுக்குகள் சுருங்கி இடைவெளி தோன்றும். முடித்த பெட்டியை வெளிச்சத்திற்கு நேரே பிடித்துப் பார்த்தால் இக்குறை உடனே தெரிந்துவிடும்.

அகலம் பாதியானால்...

விலையைத் தீர்மானிக்க வேண்டியது பெட்டியின் அளவன்று, நறுக்கின் அகலமே. எடுத்துக்காட்டாக, பத்து சென்டிமீட்டர் சதுரமான ஓர் அடிப்பாகத்தைக் கொள்வோம். ஒரு சென்டிமீட்டர் அகல நறுக்கு என்றால் நீளவாட்டில் 10, குறுக்குவாட்டில் 10 நறுக்குகள் போதும். அவை ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்கும் இடங்கள் 100. அகலத்தை அரை சென்டிமீட்டராகக் குறைத்தால் நறுக்குகள் 20, 20 ஆகும். ஏறி இறங்கும் இடங்களோ 400 ஆகிவிடும். அதாவது அகலம் பாதியாகும்போது முடையும் வேலை நான்கு மடங்காகிறது. சுவர்ப்பகுதிக்கும் மூடிக்கும் இதே கணக்குத்தான்.

விளிம்பு மடிப்பதற்கும் மூடியைப் பொருத்துவதற்கும் ஆகும் நேரம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே மொத்த நேரம் நான்கு மடங்கு ஆவதில்லை. நான் குறித்தபடி, அகல நறுக்குப் பெட்டிக்குப் பெரியம்மாவுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. அதே அளவுள்ள மெல்லிய நறுக்குப் பெட்டிக்கு மூன்றரை மணி நேரம் ஆயிற்று.

உள்ளூர் வியாபாரி முதலாவதற்கு 60 ரூபாயும் இரண்டாவதற்கு 90 ரூபாயும் தருகிறார். ஓலைக்கும் சாயத்திற்கும் 10 ரூபாயைக் கழித்தால், அகல நறுக்கில் மணிக்கு 40 ரூபாய் நிற்கிறது. மெல்லிய நறுக்கில் 23 ரூபாய்கூட நிற்பதில்லை! கைத்திறன் மிகுந்த வேலைக்கே கூலி குறைவு. “பாக்க நல்லா இருக்குன்னு இதையே கேக்காவ. கண்ணு வலி நமக்குல்லா தெரியும்” என்றார் பெரியம்மா. கூலி இரண்டிலும் சமமாக வேண்டுமானால் மூன்றரை மணிக்கு 140 ரூபாயும் பொருளுக்கு 10 ரூபாயுமாக, மெல்லிய பெட்டியின் விலை 150 ரூபாய் ஆக வேண்டும்.

கிள்ளானிலிருந்து வந்த தேவை

நான் அங்கிருந்தபோது கிள்ளானிலுள்ள ஒரு திருமண வீட்டார் மூடியுள்ள மெல்லிய பெட்டிகள் 100 வேண்டுமெனப் புலனத்தில் கேட்டனர். இரு வகைப் பெட்டிகளையும் அருகருகே வைத்துப் படமெடுத்து, நேரக் கணக்கையும் எழுதி அனுப்பினோம். அவர்கள் 150 ரூபாய்க்கு உடன்பட்டனர். வேலை நேரம் மொத்தம் 350 மணி. பெரியம்மா, அவர் மகள், மருமகள் என மூவரும் வீட்டு வேலை போக நாளுக்கு ஐந்து மணி நேரம் முடைந்தாலும் 24 நாள்கள் ஆகும். குருத்துச் சேர்த்து உலர்த்த ஒரு வாரம், முடிந்தபின் காயவைக்கச் சில நாள்கள், அனுப்பும் நாள்கள் என்று கூட்டினால், ஆறு வாரங்களுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்பது புலனாகும்.

அஞ்சல் செலவு தனிக் கணக்கு. வான்வழிக் கூரியரில் பொதியின் நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுப்பது பொதுவான முறை. அவ்வாறு வரும் கிலோவும் உண்மை எடையும் ஒப்பிடப்பட்டு, எது கூடுதலோ அதற்கே கட்டணம் விதிக்கப்படும். மூடியோடு பெட்டியொன்று 11 x 11 x 6 சென்டிமீட்டர் இடம் பிடித்தது. நூறு பெட்டிக்கு 72,600 கன சென்டிமீட்டர், அதாவது 14.5 கிலோ. தராசிலோ நான்கு கிலோகூட இல்லை. இதை முன்னரே சொல்லி அஞ்சல் செலவைத் தனியே பெறாவிட்டால் கூலி அதிலேயே கரைந்துவிடும். ஒன்றினுள் ஒன்று அடங்கும் மூன்று அளவுப் பெட்டிகளை ஒரு தொகுதியாக முடைந்தால், பெரிய பெட்டி பிடிக்கும் இடத்திலேயே மூன்றும் சென்றுவிடும்.

பூஞ்சணம்

இதற்கு முன்பு ஓர் ஐப்பசி மாதத்தில் அனுப்பிய முப்பது பெட்டிகள் கரும்புள்ளிகளோடு போய்ச் சேர்ந்ததால் பணத்தைத் திருப்பித் தர நேர்ந்ததாம். அடைமழைக் காலத்தில் மேற்புறம் காய்ந்ததாகத் தோன்றினாலும் மடிப்புகளிலும் மூலைகளிலும் ஈரம் தங்கிவிடும். நெகிழிப் பையில் அடைத்ததும் அங்கேதான் பூஞ்சணம் முதலில் பிடிக்கும்.

கண்ணால் பார்த்து இதை அறிய இயலாது, தராசே துணை. பத்துப் பெட்டிகளை ஒன்றாக நிறுத்து, எடையைக் குறித்து, ஒரு பகல் முழுவதும் வெயிலில் வைத்து மீண்டும் நிறுத்துப் பார்க்க வேண்டும். எடை குறைந்தால் ஈரம் இன்னும் போகவில்லை என்று பொருள். இரண்டு நாள்கள் தொடர்ந்து எடை மாறாதிருந்தால் கட்டலாம். கிள்ளானுக்குரிய பெட்டிகளை இவ்வாறு நிறுத்துப் பார்த்து, நெகிழியில்லாமல் தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியில் அடுக்குவதென முடிவு செய்தோம். மழை மாதங்களில் வெளிநாட்டுத் தேவைகளை ஏற்பதில்லை என்றும் பெரியம்மா முடிவெடுத்துள்ளார். அம்மாதங்களில் உள்ளூர்ச் சந்தைக்கு அகல நறுக்குப் பெட்டிகள் மட்டும் முடைவார்கள்.

முடிவுரை

மேற்கண்ட கணக்கு ஒரே குடும்பத்தினுடையது. ஓலை விலையும் கைவேகமும் இடத்திற்கு இடம் மாறும். ஆயினும் அகலம் பாதியானால் முடையும் வேலை நான்கு மடங்கு என்பது எங்கும் மாறாது. இணையத்தில் விற்போர் பெட்டியின் நீள அகலத்தோடு நறுக்கின் அகலத்தையும் குறிப்பிட்டால், இரு பெட்டிகளின் விலை ஏன் வேறுபடுகிறது என்பது வாங்குவோருக்கு விளங்கும். அடுத்த முறை திருமணத்தில் ஓலைப்பெட்டி கைக்கு வந்தால், ஒரு சென்டிமீட்டருக்குள் எத்தனை நறுக்குகள் உள்ளன என்று எண்ணிப் பாருங்கள். ஒருவர் அதற்காக எவ்வளவு நேரம் குனிந்து உட்கார்ந்திருந்தார் என்பதை ஏறத்தாழ நீங்களே கணக்கிட்டுவிடலாம்.