செய்திக்குறிப்பு எழுதுதல்

நுழையும்முன்

வைகை அணையிலிருந்து எந்நாளில் தண்ணீர் திறக்கப்படும் என்று அறிந்த பின்னரே, மதுரைச் சமவெளியின் கால்வாய்ப் பாசன உழவர் நாற்றங்காலில் விதை விடுவர். அச்செய்தியை அவர்களிடம் சேர்ப்பது நாளிதழில் வரும் ஒரு சிறு பத்தியே. அப்பத்தி பெரும்பாலும் ஓர் அலுவலகம் அனுப்பும் செய்திக்குறிப்பிலிருந்து உருவாகிறது. குறிப்பில் ஒரு சொல் விடுபட்டால் நாற்று வீணாகலாம். பிழையற்ற செய்திக்குறிப்பை எழுதும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

முதற்செய்தி முதலில்

நாளிதழ் அலுவலகத்திற்கு நாள்தோறும் பல செய்திக்குறிப்புகள் வருகின்றன. அவற்றைப் படித்துச் செப்பனிடும் துணையாசிரியர், இடம் போதாதபோது குறிப்பின் கடைசிப் பத்தியிலிருந்து மேல்நோக்கி வெட்டிக்கொண்டே வருவார். ஆகவே, இன்றியமையாத செய்தி முதல் வாக்கியத்திலும், அதற்கு அடுத்த நிலையிலுள்ளவை அடுத்தடுத்த பத்திகளிலும் அமைய வேண்டும். இவ்வமைப்பை இதழியலார் ‘தலைகீழ்க் கூம்பு’ என்பர்.

பின்வரும் வாக்கியத்தைக் காண்க:

‘அரசின் ஆணைக்கிணங்கவும், உழவர் பெருமக்களின் நீண்டநாள் கோரிக்கையை ஏற்றும், பெரியாறு பிரதானக் கால்வாயின் பாசனப் பகுதிகள் பயன்பெறும் வகையில், சிறப்பு விருந்தினர்கள் முன்னிலையில் நடைபெறவுள்ள விழாவில், நாளை வைகை அணையிலிருந்து 900 கன அடி தண்ணீர் திறந்துவைக்கப்படவுள்ளது.’

இதில் இலக்கணப் பிழை இல்லை. ஆயினும், தண்ணீர் திறக்கப்படும் செய்தி வாக்கியத்தின் இறுதியிலேயே வெளிப்படுகிறது. தமிழில் பயனிலை பெரும்பாலும் வாக்கிய இறுதியில் வருவது இயல்பு. அதற்கு முன் எச்சத்தொடர்களை அடுக்கினால், செய்தி அவற்றின் பின்னே மறைந்துவிடும். தமிழில் ‘முதற்செய்தி முதலில்’ என்பது பயனிலையை முன்னே கொண்டுவருவது அன்று. முதல் வாக்கியத்தைச் சிறிதாக அமைத்துப் பயனிலையை விரைந்து எட்டுவதாகும். ஆணை, கோரிக்கை, விழா ஆகியவை பின்வரும் பத்திகளுக்கு உரியவை.

‘நாளை’ என்னும் சொல்லிலும் இடர் உண்டு. இன்று எழுதிய குறிப்பு மறுநாள் அச்சாகும். அதைப் படிப்பவருக்கு ‘நாளை’ என்பது வேறொரு நாளாகிவிடும். எனவே, நாளையும் கிழமையையும் சேர்த்தே எழுத வேண்டும்.

திருத்திய வடிவம்

கீழ்வரும் மாதிரியில் நாளும் கூற்றும் பயிற்சிக்காக அமைக்கப்பட்டவை.

> வைகை அணையிலிருந்து ஜூன் 10-இல் முதல் போகத்திற்குத் தண்ணீர் திறப்பு
>
> மதுரை, ஜூன் 9: வைகை அணையிலிருந்து முதல் போகப் பாசனத்திற்கு ஜூன் 10, புதன்கிழமை முதல் வினாடிக்கு 900 கன அடி தண்ணீர் திறக்கப்படும். பேரணை முதல் கள்ளந்திரி வரையுள்ள இருபோகப் பாசனப் பகுதியில் 45,041 ஏக்கர் நிலம் பயன்பெறும்.
>
> முதல் 45 நாள் தொடர்ச்சியாகவும், அடுத்த 75 நாள் முறை வைத்தும், மொத்தம் 120 நாள் தண்ணீர் வழங்கப்படும்.
>
> நிலக்கோட்டை வட்டத்தில் 1,797 ஏக்கரும், வாடிப்பட்டி வட்டத்தில் 16,452 ஏக்கரும், மதுரை வடக்கு வட்டத்தில் 26,792 ஏக்கரும் பாசனம் பெறும்.
>
> “முறை வைக்கும் நாள்களில் ஒருவர் தம் விருப்பப்படி மடையைத் திறந்தால், கடைமடைக்குத் தண்ணீர் சென்று சேராது” என்று நீர்வளத்துறைப் பொறியாளர் தெரிவித்தார்.
>
> உழவர்களின் கோரிக்கையை ஏற்று, அரசு இதற்கான ஆணையைப் பிறப்பித்துள்ளது.

இக்குறிப்பின் கடைசி மூன்று பத்திகளை வெட்டினாலும் உழவருக்குத் தேவையான செய்தி எஞ்சி நிற்கும். அணை, நாள், அளவு, பகுதி, பரப்பு, காலம் ஆகிய ஆறும் முதல் இரண்டு பத்திகளுக்குள் அடங்கியுள்ளன. உண்மைக் குறிப்பில் பொறியாளரின் பெயரும் முழுப் பதவியும் இடம்பெற வேண்டும்.

எண்களைச் சரிபார்த்தல்

எண்ணை எழுதிய பின் அதைக் கூட்டிப் பார்க்க வேண்டும். மூன்று வட்டங்களின் பரப்பைக் கூட்டினால் 1,797 + 16,452 + 26,792 = 45,041 என வருகிறது. 45 நாளும் 75 நாளும் சேர்ந்து 120 ஆகின்றன. கூட்டுத்தொகை பொருந்தாவிடில், ஏதோ ஓர் எண் தவறு எனத் துணையாசிரியர் ஐயுறுவார். குறிப்பு ஒதுக்கப்படவும் கூடும்.

எண்ணுடன் அதன் அலகும் முழுமையாக வேண்டும். முதலில் கண்ட வாக்கியம் ‘900 கன அடி’ என்று மட்டும் கூறியது. அது ஒரு வினாடியில் வெளியேறும் அளவு. ஒரு நாளில் 86,400 வினாடிகள் உள்ளன. எனவே ஒரு நாளில் வெளியேறுவது 7,77,60,000 கன அடி. ‘வினாடிக்கு’ என்னும் ஒரு சொல் விடுபட்டதால் பொருள் முற்றிலும் மாறிவிட்டது.

எண் எதைச் சார்ந்தது என்பதும் தெளிவாக வேண்டும். கள்ளந்திரிக்குக் கீழே மேலூர்ப் பகுதி ஒருபோகப் பாசனத்தைச் சேர்ந்தது. அதன் பரப்பு 85,563 ஏக்கர். திருமங்கலம் பிரதானக் கால்வாயின் 19,439 ஏக்கரைச் சேர்த்தால் 1,05,002 ஏக்கர் ஆகும். இப்பரப்புக்குத் தண்ணீர் தனி அறிவிப்பின்படி திறக்கப்படும். முதற்குறிப்பில் உள்ளது போல் ‘பாசனப் பகுதிகள்’ என்று பொதுப்பட எழுதினால், மேலூர் உழவர் அது தமக்கும் உரியது எனக் கருதி விதை விடுவார். ‘பேரணை முதல் கள்ளந்திரி வரை’ என்னும் தொடரே அவ்விழப்பைத் தடுக்கிறது.

கூற்றைக் கையாளுதல்

மேற்கோள் குறிக்குள் இருப்பவை பேசியவரின் சொற்களாகவே இருத்தல் வேண்டும். அவற்றை அழகுபடுத்தவோ சுருக்கவோ எழுதுபவருக்கு உரிமை இல்லை. சொற்கள் துல்லியமாக நினைவில் இல்லையெனில், மேற்கோள் குறியை நீக்கி அயற்கூற்றாக எழுதுதல் நேர்மை. அப்போது இடப்பெயரும் காலச்சொல்லும் மாறும். “நான் நாளை கால்வாயைப் பார்வையிடுவேன்” என்னும் நேர்கூற்று, ‘தாம் மறுநாள் கால்வாயைப் பார்வையிடவிருப்பதாக அவர் கூறினார்’ என்று அமையும்.

எல்லாக் கூற்றும் மேற்கோளுக்குத் தகுதியுடையது அன்று. “தண்ணீர் திறக்கப்படுவது மகிழ்ச்சி அளிக்கிறது” என்பதால் படிப்பவர் புதிதாக எதையும் அறிவதில்லை. மாதிரியில் உள்ள கூற்று, எண்கள் சொல்லாத ஒன்றைச் சொல்கிறது: மேல்மடையில் ஒருவர் செய்யும் செயல் கடைமடையில் மற்றொருவரைப் பாதிக்கிறது. அத்தகைய கூற்றைத் தேர்ந்து, அனுப்புமுன் பேசியவரிடம் படித்துக் காட்டி உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. நாளிதழில் வெளிவந்த பாசனச் செய்தி ஒன்றைக் கடைசிப் பத்தியிலிருந்து ஒவ்வொன்றாக நீக்குக. எந்த நிலையில் செய்தி பொருள் இழக்கிறது எனக் கண்டறிந்து எழுதுக.

2. மாதிரிக் குறிப்பிலுள்ள பொறியாளரின் நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றுக.

3. ஒருபோகப் பாசனப் பகுதிக்கு உரிய செய்திக்குறிப்பின் முதல் இரண்டு வாக்கியங்களை, இப்பாடத்திலுள்ள பரப்பளவுகளைக் கொண்டு எழுதுக. நாளுக்கும் நீரளவுக்கும் உரிய இடங்களைக் கோடிட்டு விடுக.