‘மட்டுமல்லாமல்’ வாக்கியத்தை நேர்செய்யும் முறை

இரண்டு செய்திகளை ஒரே வாக்கியத்தில் இணையாக நிறுத்துவதற்குத் தமிழில் ‘உம் … உம்’ என்னும் அமைப்பும் ‘மட்டுமல்லாமல் … உம்’ என்னும் அமைப்பும் மிகுதியாகக் கையாளப்படுகின்றன. இவற்றில் வரும் உம்மை இரண்டு இடங்களிலும் ஒரே பணியைச் செய்வதில்லை. தொல்காப்பியம் உம்மைக்குக் கூறும் எட்டுப் பொருள்களுள், ‘கடலூரும் சிதம்பரமும்’ என அடுக்கி எண்ணுவது எண்ணும்மை. சொல்லப்பட்ட அல்லது சொல்லப்படாத வேறொன்றையும் தழுவி நிற்பது எச்சவும்மை. ‘மட்டுமல்லாமல்’ என்பதை அடுத்து வரும் உம்மை எச்சவும்மையைச் சேர்ந்தது. அது தழுவும் செய்தி முன்பக்கத்தில் இருப்பதால், முன்பக்கத்தின் வடிவம் பிசகினால் உம்மைக்குப் பற்றிக்கொள்ள இடமில்லாமல் போகிறது.

பிழை எவ்வாறு நுழைகிறது என்பதற்குச் சிதம்பரம் நடராசர் கோயிலைப் பற்றி எழுதக்கூடிய ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்ளலாம்: ‘இக்கோயில் சைவர்களுக்கு மட்டுமல்லாமல் வைணவர்களும் வழிபடும் தலமாகும்.’ நூற்றெட்டுத் திவ்விய தேசங்களுள் ஒன்றான கோவிந்தராசப் பெருமாள் சந்நிதி அதே வளாகத்தில் இருப்பதால் செய்தி சரியே, வடிவந்தான் சரியில்லை.

இதைத் திருத்த, முதலில் இணையும் இரு உறுப்புகளையும் அடிக்கோடிட வேண்டும்: ‘சைவர்களுக்கு’, ‘வைணவர்கள்’. அடுத்து, இரண்டுக்கும் பொதுவாக நிற்கும் முடிப்புப் பகுதியை, அதாவது ‘வழிபடும் தலமாகும்’ என்பதைப் பிரித்தெடுக்க வேண்டும். பின்னர் ‘மட்டுமல்லாமல்’ என்பதையும் உம்மையையும் நீக்கிவிட்டு, ஒவ்வோர் உறுப்பையும் அம்முடிப்போடு தனித்தனியே படித்துப் பார்க்க வேண்டும். ‘வைணவர்கள் வழிபடும் தலமாகும்’ என்பது ஒழுங்காக நிற்கிறது. ‘சைவர்களுக்கு வழிபடும் தலமாகும்’ என்பது நிற்கவில்லை. வேற்றுமை உருபு, அதாவது பெயரின் பொருளை வேறுபடுத்தும் ‘கு’ முதலான ஒட்டு, ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கத்தில் இல்லாமையே காரணம். எனவே முடிப்பை வைத்துக்கொண்டு ‘சைவர்கள் மட்டுமல்லாமல் வைணவர்களும் வழிபடும் தலமாகும்’ என்று எழுதலாம். உருபை வைத்துக்கொண்டு முடிப்பை மாற்றுவதானால் ‘சைவர்களுக்கு மட்டுமல்லாமல் வைணவர்களுக்கும் உரிய தலமாகும்’ என்று எழுதலாம்.

வடிவம் சரியான பின், இரு பக்கங்களின் வரிசையையும் கவனிக்க வேண்டும். படிப்பவருக்குத் தெரிந்த செய்தி ‘மட்டுமல்லாமல்’ என்பதற்கு முன்னும், புதிய செய்தி உம்மையோடும் வருவதே இயல்பாதலால், நடராசருக்காகவே பெயர்பெற்ற கோயிலைப் பற்றி ‘வைணவர்கள் மட்டுமல்லாமல் சைவர்களும்’ என்று தொடங்கினால், இலக்கணம் வழுவாவிட்டாலும் படிப்பவர் திகைத்துப்போவார்.

வினைகள் இணையும்போது சிக்கல் கூடுகிறது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூர்க் கரையைத் தாக்கிய தானே புயலைப் பற்றி, ‘புயல் பலா மரங்களைச் சாய்த்தது மட்டுமல்லாமல் முந்திரித் தோப்புகளும் அழிந்தன’ என்று எழுதினால், முன்பக்கத்தில் எழுவாயாக இருந்த புயல் பின்பக்கத்தில் காணாமற்போய், தோப்புகள் அவ்விடத்தில் அமர்ந்துவிடுகின்றன. ஒரே வினை போதுமானால் ‘புயல் பலா மரங்களை மட்டுமல்லாமல் முந்திரித் தோப்புகளையும் அழித்தது’ என்பதே சுருக்கமான திருத்தம். இரண்டு வினைகளும் வேண்டுமானால் உம்மையை இரண்டாம் வினையோடு சேர்க்க வேண்டும். ஆனால் ‘அழித்தது’ போன்ற வினைமுற்று, அதாவது வாக்கியத்தை முடிக்கும் வினை, இணைக்கும் உம்மையை ஏற்காது. ஆகவே அதைச் செயவென் எச்சமாக்கி, ‘பலா மரங்களைச் சாய்த்தது மட்டுமல்லாமல் முந்திரித் தோப்புகளை அழிக்கவும் செய்தது’ என்று முடிக்கலாம். ‘தோப்புகளையும் அழித்தது’ என முடிப்பது வழக்கில் பெருகிவிட்டதால் அதைப் பிழை என்று ஒதுக்குவதற்கில்லை. எனினும் வினைக்கு வினை நேர் நிற்பது முன்னதில்தான்.

‘உம் … உம்’ அமைப்புக்கும் இதே சோதனை பொருந்தும். உம்மை எப்போதும் உருபுக்குப் பின்னரே வரும் என்பதால், ‘கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே’ என்பதில் இரு உருபுகளும் இரு உம்மைகளும் தவறாமல் இருக்க வேண்டும். இவற்றின் நடுவே ‘மற்றும்’ என்பதைச் செருகுவது, செய்த வேலையையே மறுபடி செய்வதாகும். ஆறாம் வேற்றுமைப் பொருளில் ‘இன்’ வரும்போது மட்டும் இவ்வமைப்பு கைகொடுக்காது: ‘கடலூரினும்’ என்றால் கடலூரைவிட என்னும் ஒப்பீட்டுப் பொருள் வந்துவிடும். அங்கே உம்மையைக் கைவிட்டு, ‘கடலூர், சிதம்பரம் ஆகிய நகரங்களின் தெருக்கள்’ என எழுத வேண்டும்.

எதிர்மறை முடிப்பு வரும்போது வடிவம் சரியாக இருந்தும் பொருள் தவறக்கூடும். ‘கடலூரும் சிதம்பரமும் மாவட்டத் தலைநகரங்கள் அல்ல’ என்னும் வாக்கியத்தில் உறுப்புகள் நேராக நிற்கின்றன. ஆனால் அது இரண்டையும் முழுதாக மறுத்துவிடுவதால், கடலூர் தலைநகராக இருக்கும் உண்மையும் அதோடு மறுக்கப்பட்டுவிடுகிறது. ஒன்றை மட்டும் மறுக்க வேண்டிய இடத்தில் இணையைப் பிரித்து, ‘மாவட்டத் தலைநகர் கடலூரே, சிதம்பரம் அன்று’ என்று எழுதுவதே ஏற்றது.