சட்டம் கேளுங்கள்: எந்த இடத்தில் பிரிந்தார்கள்?

கேள்வி: பத்து சதவீத இட ஒதுக்கீட்டு வழக்கில் நீதிபதி ரவீந்திர பட் எழுதிய மாறுபட்ட தீர்ப்பைச் சுருக்கி எழுதச் சொன்னார்கள். "பொருளாதார அளவுகோலை வைத்து இட ஒதுக்கீடு தரக்கூடாது என்று இரண்டு நீதிபதிகள் சொன்னார்கள்" என்று எழுதினேன். பேராசிரியர் அந்த வரியையே அடித்துவிட்டார். என்ன தப்பு?
– சட்டக் கல்லூரி மாணவி, பூவம்

பதில்: அடித்தது சரி. அந்த நீதிபதி சொல்லாததை அவர் வாயில் போட்டுவிட்டாயம்மா. வருஷத்துக்குப் பத்துப் பேராவது என் மேசைக்கு இதே வரியோடு வருகிறார்கள். செய்தித்தாளில் "3–2" என்று படித்ததும், மூன்று பேர் 'ஆம்' என்ற எல்லாவற்றுக்கும் மற்ற இருவர் 'இல்லை' என்றிருப்பார்கள் என்று மனசு தானே முடிவு கட்டிவிடுகிறது.

2022 நவம்பர் 7 அன்று வந்த அந்தத் தீர்ப்பை எடுத்துக்கொள். முதலில் எழுவினாக்களை ஒரு தாளில் எழுது. முக்கியமானவை மூன்று. பொருளாதார நிலையை அளவுகோலாக வைக்கலாமா? அரசு உதவி பெறாத தனியார் கல்லூரிகளுக்கும் இதை நீட்டலாமா? பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் ஆகியோரில் உள்ள ஏழைகளை இந்தப் பத்து சதவீதத்திலிருந்து விலக்கலாமா? ஒவ்வொன்றுக்கும் நேரே, மாறுபட்டவர் என்ன விடை சொன்னார் என்பதை மட்டும் குறி.

குறித்ததும் உன் வரி ஏன் தப்பு என்பது தெரிந்துவிடும். கல்வி விஷயத்தில், அதாவது 15ஆவது பிரிவில், பொருளாதார அளவுகோல் தன்னளவில் செல்லும் என்கிறார் பட். தனியார் கல்லூரிகள் விஷயத்திலும் அவருக்குத் தகராறு இல்லை. அரசு வேலை பற்றிய 16ஆவது பிரிவில்தான் முதல் விலகல் வருகிறது. அங்கே இட ஒதுக்கீடு என்பது போதிய பிரதிநிதித்துவம் இல்லாதவர்களுக்கு இடம் கொடுக்க வந்தது. ஏழ்மையை மட்டும் வைத்து அதை நுழைக்க முடியாது என்கிறார். ஆனால் இந்தப் பத்து சதவீதத்தைக் கொண்டுவந்த அரசியல் சட்டத் திருத்தம் முழுவதையும் அவர் கையில் விழவைத்தது மூன்றாவது எழுவினா.

அந்த மூன்றாவதில் இரு தரப்பும் எங்கே பிரிந்தார்கள் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லத் தெரிய வேண்டும். "ஒருவர் சமத்துவத்துக்கு எதிரானது என்றார், மற்றவர் இல்லை என்றார்" என்று எழுதினால் அது முடிவு, காரணம் இல்லை. காரணத்தின் கிளை பிரிவது அதற்கு மூன்று படி முன்னால்.

இரண்டு தரப்பும் சேர்ந்து நடக்கும் தூரத்தைப் பார். அரசியல் சட்டத் திருத்தம் என்பதால் அடிப்படைக் கட்டமைப்பு சிதைகிறதா என்ற உரைகல்லைத்தான் இருவரும் எடுக்கிறார்கள். சமத்துவம் அந்தக் கட்டமைப்பின் பகுதி என்பதிலும் ஒற்றுமை. அடுத்த அடியில் பெரும்பான்மைப் பக்கத்து நீதிபதி தினேஷ் மகேஸ்வரி சொல்கிறார்: விலக்கப்பட்ட வகுப்பினருக்கு 15(4), 16(4) வழியாக ஏற்கெனவே பலன் கிடைக்கிறது, அது கிடைக்காதவர்களுக்கென்று ஒன்றைச் செய்யும்போது கிடைத்தவர்களை விலக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் புதிய ஏற்பாட்டுக்குப் பொருளே இல்லை. பட் நிற்பது "ஏற்கெனவே பலன்" என்ற அந்தச் சொல்லிலேயே. பழைய இட ஒதுக்கீடு சாதியால் நேர்ந்த ஒதுக்கலுக்குப் பரிகாரம். ஏழ்மைக்குத் தந்த சலுகை அல்ல. புதிய ஏற்பாடு ஏழ்மைக்கானது என்றால், அதே ஏழ்மையில் இருப்பவனை அவன் சாதியைக் காட்டி வெளியே நிறுத்துவது பாகுபாடு என்கிறார்.

ஆக, பிரிந்த இடம் இது: பழைய இட ஒதுக்கீட்டைப் புதியதற்கு ஈடாகக் கணக்கில் வைக்கலாமா, கூடாதா?

நீ கண்டுபிடித்த இடம் சரிதானா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. மாறுபட்ட தீர்ப்பிலிருந்து அந்த ஒரு கருத்தை உருவிவிட்டு, பெரும்பான்மையின் கருத்தை அங்கே வைத்துப் பார். மூன்றாவது எழுவினாவில் பட்டின் முடிவு உடனே சரிந்து, மகேஸ்வரியின் முடிவாக மாறிவிடுகிறது. அப்படி மாறினால் இடம் சரி.

இதே சோதனையைப் புள்ளிவிவரத்தில் வை. சின்ஹோ ஆணையத்தின் கணக்கைப் பட் எடுத்தாள்கிறார். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்த 31.7 கோடிப் பேரில் பொதுப்பிரிவினர் 5.85 கோடி, மீதி எல்லாரும் விலக்கப்பட்ட வகுப்பினர். மாணவர்கள் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு, இதுதான் மாறுபட்டதற்குக் காரணம் என்று எழுதுகிறார்கள். எண்ணை எடுத்துவிட்டுப் படி. விலக்கப்பட்டவர்களில் ஒரே ஒரு ஏழை இருந்தாலும் பட்டின் வாதம் நிற்கும். பெரும்பான்மையிடம் இந்த எண்ணைக் காட்டினாலும், விலக்கப்பட்டவர்களுக்கு வேறு கதவு திறந்திருக்கிறதே என்ற அவர்கள் வாதம் அசையாது. எண் பட்டின் வாதத்துக்கு வலு கொடுக்கிறது. வழி பிரிந்தது அங்கே இல்லை.

இன்னொன்றையும் பார். மூன்று பேர் ஒரு பக்கம் என்றாலும் மூவரும் தனித்தனியே எழுதினார்கள். இட ஒதுக்கீட்டுக்குக் காலவரம்பு வேண்டும் என்ற பேச்சு நீதிபதிகள் பேலா திரிவேதி, பர்திவாலா ஆகியோருடைய தீர்ப்புகளில் வருவது. அதைப் "பெரும்பான்மை சொன்னது" என்று எழுதி, பட் அதற்குப் பதில் சொல்லவில்லை என்று குறை சொன்ன ஒரு ஜூனியரை அன்று முழுக்கத் திரும்ப எழுத வைத்தேன். மூவருக்கும் பொதுவாக இருப்பது மட்டும்தான் பெரும்பான்மையின் காரணம்.

கேள்வி: தலைமை நீதிபதியே மாறுபட்ட பக்கம் இருந்தால் தீர்ப்புக்கு மதிப்புக் குறையுமா?
– வாசகர், காரைக்கால்

பதில்: குறையாது. ஐந்து பேருக்கும் ஆளுக்கு ஒரு வாக்குதான். பத்து சதவீத வழக்கில் தலைமை நீதிபதி லலித் தனியாக எழுதவில்லை, பட் எழுதியதோடு உடன்பட்டார். "லலித் எழுதிய மாறுபட்ட தீர்ப்பு" என்று யாராவது சொன்னால் திருத்துங்கள்.

கேள்வி: 2018இல் 18 சட்டமன்ற உறுப்பினர்கள் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் வேறு வேறாகச் சொன்னார்களே, அதில் யாருடையது மாறுபட்ட தீர்ப்பு?
– ஆசிரியை, தரங்கம்பாடி

பதில்: யாருடையதும் இல்லை. இருவர் அமர்வில் ஆளுக்கொன்று சொன்னால் பெரும்பான்மையே கிடையாது. அதனால்தான் மூன்றாவது நீதிபதியிடம் போனது.

கேள்வி: பிரெஞ்சுக்காரன் காலத்தில் காரைக்கால் கோர்ட்டில் இப்படி நீதிபதிகள் மாறி மாறி எழுதியதே இல்லை என்று என் பெரியப்பா சொல்வார். உண்மையா?
– வாசகர், பூவம்

பதில்: பெரியப்பா சொன்னது சரி. பிரெஞ்சு முறையில் நீதிபதிகளின் கலந்தாய்வு ரகசியம். தீர்ப்பு நீதிமன்றத்தின் பெயரில் ஒன்றாகவே வரும். உள்ளே யார் மறுத்தார் என்பது வெளியே வராது. நம் உச்ச நீதிமன்றத்தில் ஒவ்வொரு நீதிபதியும் தன் பெயரில் எழுதலாம். அதனால் மேற்கோள் காட்டும்போது பத்தி எண் மட்டும் போதாது, நீதிபதியின் பெயரும் வேண்டும். நீதிமன்றம் வெளியிடும் படியில் அடுத்தவர் தீர்ப்பில் பத்தி எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கலாம்.

கேள்வி: ஐம்பது சதவீத உச்சவரம்பை மீறக்கூடாது என்று பட் தீர்ப்பளித்ததால் தமிழ்நாட்டின் 69 சதவீதத்துக்கு ஆபத்து என்று ஒரு கூட்டத்தில் பேசினார்கள். சரியா?
– வாசகர், பொறையாறு

பதில்: தலைகீழாகப் பேசியிருக்கிறார்கள். அந்த வரம்பு வளையாதது அல்ல, அதுவும் பழைய வகை ஒதுக்கீடுகளுக்குத்தான் என்று சொன்னது பெரும்பான்மை. வரம்பைத் தாண்ட விட்டால் மேலும் மேலும் மீற வழி திறக்கும் என்று பட் எச்சரித்தார். கூடவே, 76ஆவது திருத்தத்தால் காப்பு பெற்ற தமிழ்நாட்டுச் சட்டத்தின் மீதான வழக்கு நிலுவையில் இருப்பதைச் சொல்லி, அங்கே வாதம் கேட்காமலேயே இந்தத் தீர்ப்பு அதன் முடிவை எழுதிவிடக்கூடும் என்று கவலைப்பட்டார். அவர் சொன்னது எச்சரிக்கை. உங்கள் குறிப்பில் "தீர்ப்பளித்தார்" என்ற சொல்லை அடித்துவிட்டு "எச்சரித்தார்" என்று எழுதிக்கொள்ளுங்கள்.