கறுப்பு–வெள்ளைச் சட்டையில் வானவில் எங்கிருந்து வந்தது?

கேள்வி: அண்ணன் கல்யாண ஆல்பத்தில் என் அப்பா பொடிக்கோடு போட்ட சட்டையில் நிற்கிறார். சட்டை சுத்தமான கறுப்பு–வெள்ளை. படத்தில் மட்டும் ஆரஞ்சும் நீலமுமாகப் பட்டைகள் ஓடுகின்றன. போட்டோகிராபரின் லென்ஸ் மட்டமானதா? இந்தக் கோளாறை முதலில் கண்டவர் யார்? (வாசகி, ஈரோடு)

லென்ஸைக் குறை சொல்லாதீர்கள். மட்டமான லென்ஸாக இருந்திருந்தால் அந்தப் பட்டைகளே வந்திருக்காது. கூர்மையான லென்ஸ்தான் உங்கள் அப்பாவின் சட்டைக்கு நிறம் ஏற்றியது.

யார் முதலில் கண்டார் என்ற கேள்விக்கு ஒரே பெயரைச் சொல்ல வழியில்லை. கொசுவலையை இரண்டாக மடித்து வெளிச்சத்தில் பிடித்த எல்லோரும் கண்டதுதான் இது. இரண்டு நெருக்கமான வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால், இரண்டிலும் இல்லாத அகலமான மூன்றாவது வரிசை பிறக்கும். அதற்கு மோய்ரே என்று பெயர். 1874-இல் இங்கிலாந்தின் ராலே பிரபு இதை ஒரு கருவியாகவே ஆக்கினார். ஒளியைப் பிரிக்கும் நுண்கோட்டுத் தகடுகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, தோன்றும் பட்டைகளைப் பார்த்தே கோடுகள் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று சோதிக்கலாம் என்றார். உங்கள் ஆல்பத்தில் ஒரு வரிசை சட்டையின் கோடு. இன்னொரு வரிசை கேமரா சென்சாரின் பிக்சல்.

நிறம் வந்த கதைதான் சுவையானது. சென்சாரின் பிக்சலுக்கு நிறம் தெரியாது, வெளிச்சத்தின் அளவு மட்டுமே தெரியும். கோடாக் நிறுவனத்தில் இருந்த பிரைஸ் பேயர் ஒவ்வொரு பிக்சலின் தலையிலும் ஒரு நிற வடிகட்டி வைத்தார். 1976-இல் காப்புரிமை கிடைத்தது. நான்கு பிக்சலில் இரண்டுக்குப் பச்சை, ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம். மீதி நிறங்களை அக்கம்பக்கத்துப் பிக்சலைப் பார்த்துக் கேமரா ஊகித்து நிரப்பும்.

இப்போது சட்டைக்கு வருவோம். அகலவாட்டில் 6,000 பிக்சல் உள்ள 24 மெகாபிக்சல் கேமரா. படத்தில் விழும் காட்சியின் அகலம் 3 மீட்டர். அப்படியானால் ஒரு பிக்சலின் பங்கு துணியில் அரை மில்லிமீட்டர். சட்டையில் ஒரு கறுப்பும் ஒரு வெள்ளையும் சேர்ந்த ஜோடி 1.1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜோடியை உண்மையாகப் பதிய இரண்டு பிக்சலுக்கு மேல் வேண்டும் என்பதுதான் விதி. நைக்விஸ்ட், ஷானன் என்று பெரிய பெயர்கள் இதற்குப் பின்னால் உண்டு. அந்தக் கணக்கைத் தாண்டிப் போகிறேன். இங்கே ஜோடிக்கு 2.2 பிக்சல் இருக்கிறது. சட்டை தேர்வில் தேறிவிட்டது!

ஆனால் சிவப்புப் பிக்சல் ஒன்றுவிட்டு ஒன்றுதான் உட்கார்ந்திருக்கிறது. துணியில் அவற்றின் இடைவெளி 1 மில்லிமீட்டர். முதல் சிவப்புப் பிக்சல் ஒரு கறுப்புக் கோட்டின் நடுவில் விழுந்தால், அடுத்தது அடுத்த கறுப்பின் நடுவுக்கு 0.1 மில்லிமீட்டர் முன்னால் விழும். அதற்கடுத்தது 0.2 முன்னால். இப்படியே நகர்ந்து நகர்ந்து வெள்ளைக்குள் போய், 11 மில்லிமீட்டர் கடந்ததும் மறுபடி கறுப்பின் நடுவுக்கு வந்து சேரும். ஆக, சிவப்பின் கண்ணுக்குச் சட்டையில் 11 மில்லிமீட்டருக்கு ஒரு அலை. நீலத்துக்கும் அதே அலைதான். ஆனால் நீலப் பிக்சல் அரை மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பதால், சிவப்பு கறுப்பைப் பார்க்கும் இடத்தில் நீலம் ஏறக்குறைய வெள்ளையைப் பார்க்கும். ஓரிடத்தில் சிவப்பு மிகுந்து ஆரஞ்சுச் சாயல், அடுத்த இடத்தில் நீலம். ஒவ்வொரு பிக்சலும் தான் கண்டதைத்தான் சொன்னது. அவற்றின் இடைவெளியில்தான் பொய் பிறந்தது.

கேள்வி: 24 மெகாபிக்சலுக்குப் பதில் 48 மெகாபிக்சல் வாங்கினால் தொல்லை தீருமா? (வாசகர், திண்டுக்கல்)

தீராது, இடம் மாறும். கடைக்காரர்கள் சொல்லிப் பரப்பிய நம்பிக்கை இது. மெகாபிக்சல் இரட்டித்தால் அகலவாட்டில் பிக்சல் 1.4 மடங்குதான் கூடும். அதை இரட்டிக்க 96 மெகாபிக்சல் வேண்டும். அப்படி வாங்கினாலும் 3 மீட்டர் அகலக் காட்சியில் வந்த பட்டை, லென்ஸ் ஈடுகொடுத்தால், 6 மீட்டர் அகலக் காட்சியில் வரும். குடும்பப் படத்தில் இல்லாதது சொந்தக்காரர்கள் எல்லோரும் நிற்கும் படத்தில் வரும். பிக்சல் மிக நுண்மையாகி, லென்ஸால் அந்த அளவு நுணுக்கத்தைக் காட்டவே முடியாத நிலை வரும்போதுதான் பட்டை மங்கும்.

தொலைவு கூடக்கூடப் பட்டை மோசமாகும் என்று நினைப்பதும் தவறு. பழைய 24 மெகாபிக்சல் கேமராவிலேயே 6 மீட்டர் காட்சியை எடுங்கள். ஒரு பிக்சலின் பங்கு 1 மில்லிமீட்டர் ஆகிவிடும். ஏறக்குறைய ஒரு முழு ஜோடியே ஒரு பிக்சலுக்குள் அடங்கிச் சராசரியாகி, சட்டை சாம்பல் நிறமாகத் தெரியும். பட்டையின் அழுத்தம் பத்தில் ஒரு பங்காக இறங்கிவிடும். 1.5 மீட்டர் காட்சியிலோ சிவப்புக்கும் ஜோடிக்கு 2.2 பிக்சல் கிடைத்துவிடும், பட்டையே இராது. ஆபத்து இடைத்தூரத்தில்தான்.

கேள்வி: பிலிம் காலத்தில் இப்படி வந்ததில்லையே, ஏன்? (வாசகர், நாகர்கோவில்)

பிலிமில் வெள்ளி உப்புத் துகள்கள் சிதறிக் கிடந்தன. வரிசை என்பதே இல்லை. சட்டைக் கோட்டோடு மோதுவதற்கு எதிர்வரிசை இல்லாதபோது மோய்ரே எப்படி வரும்? நுணுக்கம் எல்லை மீறினால் பிலிமில் அது மணல்போல் கலைந்து போகும், பட்டையாகத் திரளாது.

நம் விழித்திரையும் அப்படித்தான். நடுப்பகுதியில் கூம்பு செல்கள் நெருக்கமாக, ஓரளவு ஒழுங்காக நிற்கின்றன. அங்கே கண்ணின் ஒளியியலே மிகப்பொடி நுணுக்கத்தை முன்கூட்டி மழுக்கிவிடுகிறது. நடுவை விட்டு விலகினால் செல்கள் ஒழுங்கின்றி நிற்கின்றன. ஜான் யெல்லட் 1983-இல் குரங்கின் விழித்திரையை வைத்து இதைக் காட்டினார். மழுக்குவது குறை என்று நினைக்கும் கூர்மை மோகக்காரர்கள் தங்கள் கண்ணையே ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: அப்படியானால் கேமரா செய்பவர்கள் இதற்கு ஒன்றும் செய்யவில்லையா? (வாசகி, புதுச்சேரி)

செய்தார்கள். பிறகு நாம்தான் அதைப் பிடுங்கச் சொன்னோம். எனக்கு மனம் ஆறாத விஷயம் இது.

சென்சாருக்கு முன்னால் குவார்ட்ஸ் அல்லது லித்தியம் நையோபேட் படிகத்தில் செய்த மெல்லிய தகடு வைப்பார்கள். இந்தப் படிகம் ஒரு ஒளிக்கதிரை இரண்டாகப் பிரிக்கும். குறுக்காக இன்னொரு தகடு வைத்தால் இரண்டு நான்காகும். கதிர்களுக்கிடையே ஏறக்குறைய ஒரு பிக்சல் இடைவெளி. இப்போது துணியின் ஒரு புள்ளி சிவப்பு, பச்சை, பச்சை, நீலம் ஆகிய நான்கு பிக்சலிலும் விழும். நான்கும் ஒரே புள்ளியைப் பற்றிப் பேசுவதால் பட்டை பெரிதும் அடங்கும். படம் இம்மியளவு மென்மையாகும், அவ்வளவுதான்.

அந்த இம்மியைப் பொறுக்காதவர்களுக்காக 2012-இல் நிக்கான் 36 மெகாபிக்சல் கேமராவை இரண்டு வகையாக விற்றது. டி800-இல் தகடு வழக்கம்போல் வேலை செய்தது. டி800இ-யில் முதல் தகடு பிரித்த கதிரை அடுத்த தகடு மறுபடி சேர்த்துவிட்டது. அமெரிக்காவில் இதன் விலை 300 டாலர் அதிகம். பாதுகாப்பை நீக்கியதற்குக் கூடுதல் விலை! 2014-இல் வந்த டி810-இல் தகட்டின் வேலையே போய்விட்டது. மலையையும் மரத்தையும் எடுப்பவருக்கு நஷ்டமில்லை. அங்கே ஒழுங்கான வரிசை அபூர்வம். துணியும் கட்டடமும் எடுப்பவருக்கு அந்தத் தகடு வேண்டும் என்பதே என் முடிவு.

கேள்வி: பழைய கேமராவில் எடுத்த வீடியோவில் ஓட்டுக்கூரை நெளிகிறது, சாய்ந்த விளிம்புகள் படிக்கட்டுப்போல் இருக்கின்றன. அதுவும் இதுதானா? (வாசகர், பொள்ளாச்சி)

அதே குடும்பம். 2008-இல் வந்த கேனன் 5டி மார்க் 2 கேமராவின் சென்சார் 21 மெகாபிக்சல். வீடியோவுக்கு வேண்டியது 1,920 × 1,080 புள்ளிகள், அதாவது 2 மெகாபிக்சல்தான். நொடிக்கு 30 முறை எல்லாவற்றையும் படித்துச் சராசரி எடுக்க அவகாசம் போதாமல், வரிகளைத் தாண்டித் தாண்டிப் படித்தது. படித்த வரி கூர்மையாக இருக்கும்; தாண்டிய வரியில் இருந்தது போயே போய்விடும்.

லேசாகச் சாய்ந்த ஒரு கூரை விளிம்பை எண்ணிப் பாருங்கள். ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு விளிம்பு இறங்கும் இடத்தில், பாதி மூடிய பிக்சல்கள் இடைநிலைச் சாம்பல் காட்டிப் படியை மறைக்க வேண்டும். இடைவரிகளைத் தாண்டிவிட்டால் அந்தச் சாம்பல் கிடைக்காது. கறுப்பிலிருந்து வெள்ளைக்கு ஒரே தாவல், அதுதான் படிக்கட்டு. கேமரா அசையும்போது படிகள் ஓடுவதால் கூரை நெளிகிறது. இதே கேமராவில்தான் 2010-இல் ‘ஹவுஸ்’ என்ற அமெரிக்கத் தொடரின் ஆறாவது பருவத்தின் கடைசிப் பகுதி முழுவதையும் எடுத்தார்கள். பின்புலத்தை மங்கலாக விட்டு எடுத்தால் அங்கே பட்டை வர வழியில்லை. மங்கலே மருந்து!

கேள்வி: சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவது ஏன்? (வாசகர், தஞ்சாவூர்)

இடத்துக்குப் பதில் காலத்தில் நடக்கும் அதே பொய். சினிமா நொடிக்கு 24 படம். 12 ஆரம் உள்ள சக்கரம் நொடிக்குச் சரியாக 2 சுற்று சுற்றினால், ஒவ்வொரு படத்திலும் ஓர் ஆரம் இருந்த இடத்துக்கு அடுத்த ஆரம் வந்திருக்கும்; சக்கரம் நிற்கும். வேகம் சற்றுக் குறைந்தால் ஆரம் அந்த இடத்தை எட்டாமல் பிந்தும். கண் அதைப் பின்சுற்று என்று படிக்கும்.

கேள்வி: கடைசியில் வழிதான் என்ன? கம்ப்யூட்டரில் திருத்த முடியாதா? (ஈரோடு வாசகியே மீண்டும்)

முதலில் படத்தை நூறு சதவீத அளவில் திறந்து பாருங்கள். சிறிதாகப் பார்க்கும்போது மட்டும் பட்டை தெரிந்தால் அது உங்கள் திரையின் வேலை, கோப்பில் குற்றமில்லை. நூறு சதவீதத்திலும் நின்றால் சென்சாரில் பதிந்தது. நிறத்தை மட்டும் மென்பொருளால் வெளுக்கலாம்; நிஜமாகவே வண்ணம் உள்ள துணி என்றால் அதுவும் சேர்ந்து வெளுக்கும். வெளிச்சத்திலேயே பதிந்த பொய்க்கோட்டை நிஜக்கோட்டிலிருந்து உறுதியாகப் பிரிக்க வழியில்லை, ஏனென்றால் அந்தப் பிக்சலில் இரண்டும் ஒரே எண்.

மருந்து எடுப்பதற்கு முன்னால்தான். அந்தச் சட்டையை 36 மில்லிமீட்டர் அகல சென்சாரில் எஃப்/16 துளையில் எடுத்தால், ஒளியின் விளிம்பு வளைவே கோட்டின் அழுத்தத்தை ஐந்தில் ஒரு பங்காகக் குறைக்கும்; எஃப்/22-இல் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. முகமும் சற்று மென்மையாகும், வெளிச்சமும் நிறைய வேண்டும். மண்டபத்தில் அதற்கு வசதி இராது. அதனால் போட்டோகிராபர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பொடிக்கோட்டுச் சட்டையோ, பொடிக்கட்டப் புடவையோ கண்ணில் பட்டால் ஒரு படம் எடுத்து, கேமராத் திரையில் பெரிதாக்கித் துணியைப் பாருங்கள். பட்டை தெரிந்தால் நன்றாக நெருங்கியோ விலகியோ நின்று இன்னொன்று எடுங்கள். வீட்டுக்குப் போனபின் அதை முழுமையாகச் சரிசெய்ய யாராலும் முடியாது.